பட்டுப் புடவை பிளவுஸ்: பிற்பாடு பிரித்துத் தைக்க வழி வைத்துத் தைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகூர்த்தப் புடவைக்குத் தைத்த பிளவுஸ் இரண்டே வருஷத்தில் கை நுழையவில்லை என்று எடுத்துக்கொண்டு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். பிரித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு உள்ளே துணியே இருக்காது. முதலில் தைக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்பார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

புடவையோட வந்த பிட்டுலயே தைக்கணுமா, தனியா துணி வாங்கித் தைக்கலாமா?

பிற்பாடு பிரிக்கும் எண்ணம் இருந்தால், காஞ்சிபுரம் மாதிரிக் கனமான பட்டுக்கு அதனுடன் வந்த பிட்தான் நல்லது. நெசவு நெருக்கமாக இருப்பதால் தையலை இழுத்துப் பிடிக்கும்போது இழை எளிதில் விலகாது. ஆனால் அந்த பிட் சுமார் 80 செ.மீ.தான் இருக்கும். உள்ளே தாராளமாகத் துணி விடுவதற்கு அதுவே தடையாகும். அதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கீழே 5-வது கேள்வியில் சொல்கிறேன்.

தனியாக வாங்குவதானால் 1 மீட்டர் வாங்குங்கள். ரா சில்க் நன்றாக நிற்கும், ஆனால் வெட்டிய ஓரம் சீக்கிரம் நூல் பிரியும். மெல்லிய சாஃப்ட் சில்க்கில், பிளவுஸ் இறுக்கமானால் தையலின் ஓரத்தில் இழை விலகிச் சின்னச் சின்ன இடைவெளி தெரியும். டிஷ்யூவும் முழுக்க ஜரிகை ஓடும் துணியும் பார்க்க அழகு. ஆனால் ஊசி போன இடம் அப்படியே நிற்கும், மடிப்புக் கோடும் போகாது. பிரிக்க வேண்டி வரும் என்று தெரிந்தே அவற்றை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜரிகை வேண்டுமென்றால் கை பார்டரில் இருக்கட்டும், உடம்பு வெறும் பட்டாக இருக்கட்டும்.

பட்டுக்கு உள்ளே சாட்டின் லைனிங் போட்டா வழுவழுன்னு இருக்குமே? காட்டன்தான் போடணுமா?

காட்டன்தான். பளபளக்கும் லைனிங் வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் கல்யாண மண்டபத்தில் அக்னி வைத்துச் சடங்கு நடக்கும்போது வியர்க்கும் வியர்வை எல்லாம் நேராகப் பட்டுக்குப் போய்விடும். அக்குள் பக்கம் சாயம் மாறிவிட்டால், பிறகு பிரித்து விரிக்கும்போது உள்ளே இருந்து வரும் புதுத் துணியும் பழைய துணியும் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டு பிளவுஸில் இழுவையைத் தாங்க வேண்டியது லைனிங், பட்டு அல்ல. நெருக்கமாக நெய்த காட்டன், அதாவது பாப்ளினோ கேம்ப்ரிக்கோ, அந்த வேலையைச் செய்யும். மிக மெல்லிய மல் துணி உடம்புக்கு இதமாக இருந்தாலும் இழுவையைத் தாங்காது. வெட்டிய லைனிங்கைக் கீழே விரித்து, மேலே பட்டை வைத்து, பட்டு ஒரு நூலளவு தளர்வாக இருக்கும்படி சுற்றிலும் கையால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டுத்தான் மெஷினுக்குப் போவேன். கையை நீட்டி எதையாவது எடுக்கும்போது லைனிங் முதலில் இறுகி நிற்கும், பட்டின் மேல் பாரம் விழாது.

லைனிங்கைத் தண்ணில நனைச்சுத்தான் தைக்கணுமா? நாங்க டிரை கிளீனிங்தானே போடறோம்?

நனைத்துத்தான் ஆக வேண்டும். காட்டன் முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு சுருங்குவது சாதாரணம். 36 இன்ச் சுற்றளவில் அது ஒரு இன்ச்சுக்கு மேல். டிரை கிளீனிங் மட்டும் போட்டாலும் வியர்வையும் நீராவி இஸ்திரியும் லைனிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும். லைனிங் சுருங்கிப் பட்டு அப்படியே இருந்தால், அக்குளிலும் முன்பக்கமும் பட்டு பொங்கி நிற்கும். “உடம்பு போட்டுட்டேன் போல” என்று கொண்டு வருபவர்களில் சிலருக்கு உடம்பு மாறவே இல்லை, லைனிங்தான் சுருங்கியிருக்கிறது.

ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டு வெட்டுங்கள். அரக்கு, கரும்பச்சை, நீலம் மாதிரி அடர் நிறமாக இருந்தால், ஈர லைனிங்கை ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த லைனிங் வேண்டாம். அதற்குப் பதில் உடம்பு நிறத்திலோ சந்தன நிறத்திலோ போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே எவ்வளவு துணி விடணும்? எங்க டெய்லர் ஒரு இன்ச் போதும்ங்கறாங்க.

பக்கத் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் 1.5 இன்ச் விடச் சொல்லுங்கள். பிளவுஸுக்கு இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணியின் ஓரம் ஒன்று, பின்துணியின் ஓரம் ஒன்று, ஆக நான்கு ஓரங்கள். ஓர் ஓரத்தில் கால் இன்ச் விட்டுக்கொடுத்தால் சுற்றளவு 1 இன்ச் கூடும், அரை இன்ச் விட்டால் 2 இன்ச், முக்கால் விட்டால் 3 இன்ச். ஆனால் விட்டதை எல்லாம் எடுத்துவிட முடியாது. புதுத் தையலுக்கு வெளியே குறைந்தது அரை இன்ச் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டு நூல் பிரிந்து தையலே கழன்றுவிடும். அப்படிப் பார்த்தால் ஒரு இன்ச் விட்ட பிளவுஸில் கூட்ட முடிவது 2 இன்ச். ஒன்றரை விட்டால் 4 இன்ச்.

2 இன்ச்சுக்கு மேல் விடுவதை நான் விரும்புவதில்லை. அக்குளுக்குக் கீழே பட்டும் லைனிங்கும் அடுக்கடுக்காகச் சேர்ந்து தடித்துக் கையை உறுத்தும். இந்த ஒன்றரை பட்டுக்கு மட்டும் இல்லை, லைனிங்கிலும் அதே அளவு விட்டிருக்க வேண்டும். பட்டில் விட்டுவிட்டு லைனிங்கைத் தையல் ஓரமாக வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த பிளவுஸைப் பிரித்தால் அக்குளில் தனிப் பட்டுதான் இருக்கும், நாலு தடவை போட்டால் கிழியும்.

பிட் பத்தல, அதனால உள்ளே விட முடியாதுன்னு சொல்றாங்க. நிஜமா?

பாதி நிஜம். உடம்புக்குப் பெரும்பாலும் பத்தும், கைக்குத்தான் பத்தாது. 80 செ.மீ. என்றால் சுமார் 31.5 இன்ச். ஒரு பக்கம் பெரிய பார்டரும் மறுபக்கம் சின்ன பார்டரும் உள்ள பிட்டில், இரண்டு கையையும் பெரிய பார்டர் பக்கமே அடுத்தடுத்து வெட்ட வேண்டும். 38 அளவுக்குக் கையின் அகலமான இடம், அதாவது அக்குள் மட்டம், தைத்து முடித்தபின் 14 இன்ச் வரும் என்று வையுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றரை விட்டால் 17. இரண்டு கைக்கு 34. நம்மிடம் இருப்பது 31.5. இந்த இடத்தில்தான் டெய்லர் கையின் மார்ஜினைக் குறைத்துவிடுகிறார்.

குறைக்க வேண்டியதில்லை. பற்றாக்குறை அக்குள் மட்டத்தில் மட்டும்தான். கையின் கீழ்ப்பக்கம் பார்டர் ஓடும் இடம் குறுகலானது, அங்கே துணி பத்தும். ஆகவே அக்குள் மூலையில் சின்னதாக ஒரு முக்கோண ஒட்டு போட்டால் போதும். அது கையை மேலே தூக்கினால்கூடத் தெரியாத இடம். மிஞ்சும் பட்டுத் துண்டில் இழை ஓட்டம் கையின் இழை ஓட்டத்தோடு ஒத்துவரும்படி ஒட்டை வெட்டச் சொல்லுங்கள். “பத்தலைன்னா ஒட்டு போடுங்க, உள்ளே விடுறதைக் குறைக்காதீங்க” என்று வெட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை.

முழங்கை வரை நீளக் கை கேட்டால் கை இன்னும் ஆழமாகத் துணியை எடுத்துக்கொள்ளும், அப்போது உடம்புக்கும் இழுபறிதான். பெரிய உடம்புக்காரர்கள் நீளக் கையா, உள்ளே துணியா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

உடம்புல நல்லா விட்டிருக்காங்க, ஆனா பிரிச்சும் போட முடியல. ஏன்?

கையில் விடவில்லை, அதுதான் காரணம். நம் பிளவுஸில் கையை ஆம்ஹோலில் ஏற்றிய பிறகு, கை நுனியிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே தையலாக ஓட்டுவார்கள். பக்கத்தை முக்கால் இன்ச் விரித்தால் ஆம்ஹோலும் முன்னும் பின்னும் முக்கால் முக்கால் அகலமாகும். கையின் வாயும் அதே அளவு அகலமானால்தான் இரண்டும் பொருந்தும். கையில் துணி இல்லை என்றால் உடம்பை விரிக்கவே வழியில்லை.

தைத்த பிளவுஸை வாங்கும்போது உள்பக்கம் திருப்பி அக்குளில் பாருங்கள். உடம்பும் கையும் சேரும் அந்த முச்சந்தியில் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் துணி தெரிய வேண்டும். அங்கே வளைவு சரியாக உட்காரவேண்டும் என்று கத்தரியால் கீறியிருந்தால், கீறல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். தையல் வரைக்கும் கீறியிருந்தால் அந்த மார்ஜின் வெறும் அலங்காரம்தான். கீறாமலேயே, இஸ்திரிப் பெட்டியால் இழுத்து அழுத்தி அந்த வளைவை உட்காரவைக்க முடியும்.

ஓவர்லாக் போட்டா நல்லதா கெட்டதா?

எப்படிப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. முன்துணியின் பட்டையும் அதன் லைனிங்கையும் சேர்த்து ஒரு ஓவர்லாக், பின்துணிக்குத் தனியாக இன்னொன்று என்று பக்கத் தையல் போடுவதற்கு முன்பே முடித்தால் நல்லது. பிறகு பிரிக்கும்போது பக்கத் தையலை மட்டும் எடுத்தால் போதும், ஓரம் பத்திரமாக இருக்கும்.

அவசரத்தில் எல்லாம் தைத்த பிறகு நாலு அடுக்கையும் சேர்த்து ஓட்டிவிடுவார்கள். ஓவர்லாக் மெஷினில் கத்தி இருக்கிறது, ஓட்டும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். ஒன்றரை விட்ட இடத்தில் ஒன்றேகால் ஆகிவிடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பிரிக்க வேண்டுமானால் அந்தப் பின்னலையும் சேர்த்து எடுக்க வேண்டும், எடுத்த ஓரத்தில் பட்டு உதிர ஆரம்பித்துவிடும்.

உள்ளே ஒரு தையல்கூடத் தெரியாம மூடித் தைச்சுத் தர்றாங்களே, அதைப் பிரிக்க முடியுமா?

முடியும், ஆனால் வேலை இரண்டு மடங்கு. பட்டைத் தனி பிளவுஸாகவும் லைனிங்கைத் தனி பிளவுஸாகவும் தைத்து, கழுத்தையும் ஓரத்தையும் சேர்த்துத் திருப்பிவிடும் முறை அது. உள்பக்கம் மிக அழகாக இருக்கும். பிரிக்கும்போது கீழ் ஓரத்தைத் திறந்து, பட்டில் ஒரு தடவை, லைனிங்கில் ஒரு தடவை என்று தனித்தனியாக விரிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி என்பதால், இழுவையை லைனிங் தாங்கும் என்று 2-வது பதிலில் சொன்னதும் இதில் குறைவாகவே நடக்கும். அந்தத் தோற்றம் கட்டாயம் வேண்டுமென்றால் கழுத்தும் முன்பக்கமும் மூடித் தைக்கட்டும், பக்கத் தையல் மட்டும் திறந்தபடி இருக்கட்டும் என்று கேளுங்கள்.

பிரிச்சா பழைய தையல் ஓட்டை வரிசையாத் தெரியாதா?

விரிக்கும்போது தெரியும், இறுக்கும்போது தெரியாது. இறுக்கினால் பழைய தையல் உள்ளே போய்விடும். விரித்தால் பழைய கோடு வெளியே, புதுத் தையலுக்கு முக்கால் இன்ச் முன்னால் நிற்கும். வெறும் பட்டில் இதைப் பெருமளவு மறைக்கலாம். நூலை உருவாமல் நாலைந்து தையலுக்கு ஒரு வெட்டாக வெட்டி எடுங்கள். பிறகு உள்பக்கத்தில் நகத்தால் மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, மேலே காட்டன் துணி போட்டு லேசான நீராவி காட்டினால் இழைகள் நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். ஊசி இழையை விலக்கியிருந்தால் இது பலிக்கும், இழையை அறுத்திருந்தால் பலிக்காது. ஜரிகையில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

ஆகவே பாதுகாப்பு முதல் தையலிலேயே இருக்கிறது. புது ஊசி, 11-ம் நம்பர். முனை மழுங்கிய ஊசி இழையை அறுக்கும். அளவு பார்ப்பதற்கு மெஷின் தையல் வேண்டாம், கையால் ஓட்டுத் தையல் போட்டு ஒருமுறை போட்டுப் பார்த்து, அளவு சரியான பிறகு ஒரே கோடாக மெஷின் ஓட்டட்டும். உதவித் தையல் என்று இன்னொரு வரி போடுவதானால் அது முதல் வரிக்கு வெளியே, மார்ஜின் பக்கம் இருக்க வேண்டும். இடுப்பு முனையில் முன்னும் பின்னுமாக நாலு தடவை ரிவர்ஸ் அடிப்பதைத் தவிர்த்து, நூலை முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ஓட்டைகள் கூட்டமாக நிற்பது அந்த முனையில்தான்.

கழுத்து, ஷோல்டர், நீளம், இதுலயும் விடணுமா?

நீளத்துக்குக் கீழ் மடிப்பில் 1 இன்ச், ஷோல்டரில் முக்கால். கழுத்தில் விட்டுப் பயனில்லை. வளைவைத் திருப்புவதற்காகக் கீறித்தான் ஆக வேண்டும், அதனால் வெட்டிய கழுத்தை மேலே ஏற்ற முடியாது. வேண்டுமானால் இன்னும் இறக்கலாம், அவ்வளவுதான். கழுத்தை மட்டும் ஒரு அரை இன்ச் கம்மியாக இறக்கித் தைத்துக்கொள்வது நல்லது.

பிரின்சஸ் கட்ல தைச்சா அங்கயும் விரிக்கலாமாமே?

கொஞ்சம் விரிக்கலாம். அந்தத் தையலில் விட்டிருக்கும் துணியிலிருந்து சிறிதளவுதான் கிடைக்கும். மார்பின் வளைவில் அந்த மார்ஜினைக் கீறியே ஆக வேண்டும் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சாதாரண டாட் பிளவுஸில் டாட்டின் உள்ளே இருக்கும் துணியை வெட்டாமல் மடித்தே விட்டிருந்தால், டாட்டை லேசாகத் தளர்த்தலாம். பிரித்துத் தைக்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு நான் டாட் பிளவுஸைத்தான் சொல்வேன்.

ஆரி வேலை போட்ட பிளவுஸையும் இப்படிப் பிரிக்கலாமா?

வேலை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து. ஆரி வேலையைத் துணி வெட்டுவதற்கு முன்பு, கட்டையில் இழுத்துக் கட்டித்தான் போடுவார்கள். ஆகவே டெய்லர் முதலில் உருவத்தை மார்ஜினோடு வரைந்து தரவேண்டும், தையல் கோடும் வெட்டும் கோடும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கையைச் சுற்றி ஓடும் கனமான வேலை தையல் கோட்டுக்கு ஒரு இன்ச் முன்னாலேயே நின்றுவிட்டால் நல்லது. கல்லும் மணியும் தையலுக்குள் போனால் பிரிக்கும்போது சங்கிலித் தையல் மொத்தமாக உருவிக்கொண்டு வரும்.

புட்டா தூவிய மாதிரி வேலை என்றால், விரித்த பிறகு பக்கத்தில் ஒரு வெறும் பட்டை தெரியும். அது கைக்கு அடியில் இருப்பதால் பளிச்சென்று கண்ணில் படாது.

கல்யாணத்துக்கு 34 அளவு. இப்ப வளைகாப்புக்கு அதே புடவையைக் கட்டணும், 37 ஆயிடுச்சு. முடியுமா?

போன வருஷம் ஒரு பெண்ணுக்கு இதே கணக்கில் செய்து கொடுத்தேன். கூட வேண்டியது 3 இன்ச், நாலு ஓரத்துக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் முக்கால். உள்ளே ஒன்றரை விட்டிருந்தார்கள், ஆகவே விரித்த பிறகும் முக்கால் மிச்சம் நின்றது. கையில் அவளுக்கு ஒரு இன்ச்தான் கூட வேண்டியிருந்தது. அக்குளில் உடம்போடு பொருந்த முக்கால் விட்டு, கை நுனிக்கு வரும்போது அரையாகச் சாய்த்து ஓட்டினேன். இடுப்புப் பக்கம் அவளுக்கு முக்கால் போதவில்லை, அங்கே ஒரு இன்ச் விட்டேன். தையல் அக்குளிலிருந்து இடுப்புக்கு லேசாக வெளியே சாய்ந்து போனது.

இதில் மாறாதவையும் உண்டு. ஷோல்டரும் டாட் முனையும் பழைய இடத்திலேயே இருக்கும். பக்கத்தை விரித்தால் துணி பக்கத்தில்தான் கூடுகிறது, மார்பு வளர்ந்தது முன்னால். அதனால் முன்பக்கம் ஹூக் இடையில் இழுத்தது. ஹூக் பட்டியில் ஹூக்குகளைக் கால் இன்ச் ஓரமாக நகர்த்தித் தைத்ததும் சரியானது. போட்டுப் பார்த்து இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னேன், பின்பக்கம் இழுக்கவில்லை. பிறகுதான் மெஷின் ஓட்டினேன்.

உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்தாச்சு, இன்னும் 2 இன்ச் வேணும். அப்புறம் என்ன வழி?

பக்கத்தில் பட்டி வைக்கலாம். அக்குளிலிருந்து இடுப்பு வரை நீளமாக, தைத்தபின் ஒரு இன்ச் அகலம் வரும் பட்டுப் பட்டி, இரண்டு பக்கமும். அது கையின் அடிப்பக்கமும் தொடர்ந்து போக வேண்டும், 6-வது பதிலில் சொன்ன அதே காரணத்துக்காக. ஓரங்களில் தையலுக்கு அரை அரை சேர்த்து 2 இன்ச் அகலத்துக்கு வெட்ட வேண்டும். லைனிங்குக்கும் அதே மாதிரி.

இதற்குத் துணி எங்கே கிடைக்கும் என்பதுதான் சிக்கல். அதே சாய நிறம் கடையில் கிடைக்காது. பிளவுஸ் தைத்ததில் மிஞ்சும் பட்டுத் துண்டுகளை, உள்ளங்கை அகலத் துண்டாக இருந்தாலும், டெய்லரிடம் கேட்டு வாங்கி வந்து பிளவுஸோடு ஒரு காட்டன் பையில் போட்டுப் புடவைக்குள்ளேயே வையுங்கள். நனைத்துச் சுருக்கிய லைனிங் துண்டும் கூடவே இருக்கட்டும். துண்டே இல்லை என்றால், கட்டும்போது இடுப்பில் உள்ளே செருகிக்கொள்ளும் புடவை முனையிலிருந்து ஒரு சாண் வெட்டலாம். 5.5 மீட்டர் புடவையில் அது கொசுவத்தைக் குறைக்கும், ஆகவே ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.